நல்ல கனவு, கெட்ட கனவு, வெறுங்கனவு: புதிதாகத் தொழுகைக்கு வருபவர்களுக்கு ஒரு வழிகாட்டி

எங்கள் சுங்கை சிப்புட் பக்கம், சூராவில் இஷா தொழுகை முடிந்து நாலு பேர் உட்கார்ந்தால், புதிதாக இஸ்லாத்துக்கு வந்தவர்கள் கேட்கிற கேள்விகளில் கனவுக்குத்தான் முதலிடம். தொழுகையில் எங்கே கை கட்டுவது என்று கேட்பவர்கூட அடுத்த கேள்வியாக, "ராத்திரி ஒரு கனவு கண்டேன், அதுக்கு என்ன அர்த்தம்?" என்றுதான் ஆரம்பிப்பார். அதில் தப்பொன்றும் இல்லை. தோட்டத்தில் வளர்ந்தவர்கள் நாம். பாம்பு கனவில் வந்தால் குலசாமிக்குக் குறை, பல் விழுந்தால் வீட்டில் சாவு, செத்துப்போன பாட்டி வந்து தண்ணீர் கேட்டால் படையல் போடவேண்டும் என்று கேட்டே வளர்ந்தோம். மதம் மாறினாலும் காதில் விழுந்தது உடனே போய்விடாது. அதுவும் போதாதென்று, கனவில் வந்த பாம்பையும் பல்லையும் நாலு இலக்க நம்பராக மாற்றிக் கொடுக்கிற கனவுப் புத்தகம் ஒன்று பல காப்பிக் கடைகளில் கைமாறிக்கொண்டே இருக்கிறது.

குர்ஆனும் ஹதீஸும் கனவைப் பற்றிச் சொல்வதை மட்டும் வைத்து, காலையில் எழுந்ததும் என்ன செய்வது, எதை எந்தக் கணக்கில் சேர்ப்பது என்று இங்கே எழுதுகிறேன். பக்கத்துச் சர்ச்சுக்காரர்களுக்கும் இந்தக் கதைகளில் சில பழக்கமானவை. நமக்கு யூசுஃப் நபி, அவர்களுக்கு யோசேப்பு. ஆனால் வகை பிரிக்கும் முறை நம் ஹதீஸிலிருந்து வருவது. அதையே பிடித்துக்கொண்டு போகிறேன்.

அடிப்படை இதுதான். அபூ ஹுரைரா (ரலி) அறிவித்து முஸ்லிம் தொகுப்பில் இருக்கும் ஹதீஸில் நபி (ஸல்) அவர்கள் கனவை மூன்றாகப் பிரிக்கிறார்கள். நல்ல கனவு அல்லாஹ்விடமிருந்து வரும் நற்செய்தி. மனதைக் கலக்கும் கனவு ஷைத்தானிடமிருந்து வருவது. மூன்றாவது, மனிதன் தனக்குத்தானே பேசிக்கொள்வது, அதாவது பகலில் மனதில் ஓடியதே இரவில் படமாக ஓடுவது. இதில் 'எச்சரிக்கைக் கனவு' என்று தனி வகை இல்லை. அதைக் கவனித்து வையுங்கள். எச்சரிக்கை என்பது முதல் வகைக்குள்ளேயே அடங்குகிறது, அதற்கென்று சில அடையாளங்கள் இருக்கின்றன. பயமாக இருந்த எல்லாக் கனவையும் 'எச்சரிக்கை' என்று எடுத்துக்கொள்வதுதான் புதியவர்கள் அதிகம் சறுக்குகிற இடம்.

எழுந்த உடனே: அர்த்தம் தேடாதீர்கள், செய்யவேண்டியதைச் செய்யுங்கள்

நடுராத்திரி வியர்த்து எழுந்தால் வகை பிரிக்கிற நிலையில் யாரும் இருக்கமாட்டோம். அதனால் ஹதீஸ் முதலில் கைவேலையைக் கொடுக்கிறது. இடது பக்கம் மூன்று முறை துப்புவது போல ஊதுங்கள். உண்மையாகவே எச்சில் துப்பிப் பாயை நனைக்க வேண்டாம்; காற்றோடு லேசான ஈரம் வந்தால் போதும், பக்கத்தில் படுத்திருக்கும் மனைவிக்குத் தெரியக்கூடத் தேவையில்லை. பிறகு "அஊது பில்லாஹி மினஷ் ஷைத்தானிர் ரஜீம்" என்று மூன்று முறை சொல்லுங்கள். எந்தப் பக்கம் சாய்ந்து படுத்திருந்தீர்களோ அதை மாற்றி மறுபக்கம் திரும்பிப் படுங்கள். அதற்கும் மனம் அடங்காவிட்டால் எழுந்து ஒளு செய்து இரண்டு ரக்அத் தொழுங்கள். கடைசியாக, அதை யாரிடமும் சொல்லாதீர்கள்.

இந்தக் கடைசி வார்த்தைதான் நம்மவர்களுக்குக் கஷ்டம். விடிந்ததும் முதலில் அம்மாவிடம், பிறகு வேலைத்தளத்தில், பிறகு சாயங்காலம் கடையில் என்று சொல்லிச் சொல்லியே கனவு வளர்ந்துவிடும். ராத்திரி வெறும் நாய் துரத்தியிருக்கும். சாயங்காலத்துக்குள் அது கறுப்பு நாயாகி, அதற்குச் சிவப்புக் கண்ணும் வந்திருக்கும்.

இதற்கு ஹதீஸிலேயே ஒரு நிகழ்ச்சி உண்டு. ஒருவர் நபியவர்களிடம் வந்து, தன் தலை வெட்டப்பட்டு உருண்டு ஓடுவதாகவும், தான் அதன் பின்னால் ஓடுவதாகவும் கனவு கண்டதாகச் சொன்னார். நபியவர்கள் அதற்கு விளக்கம் எதுவும் கொடுக்கவில்லை. தூக்கத்தில் ஷைத்தான் உன்னோடு விளையாடுவதை மக்களிடம் சொல்லித் திரியாதே என்றார்கள். தலை உருண்டு ஓடுகிற கனவுக்கே பதில் அவ்வளவுதான். அந்தக் கனவு நம் ஊரில் யாருக்காவது வந்திருந்தால் எத்தனை பேர் எத்தனை அர்த்தம் சொல்லியிருப்பார்கள், எத்தனை பேர் எலுமிச்சம்பழம் வாங்கச் சொல்லியிருப்பார்கள் என்று யோசித்துப் பாருங்கள்.

அபூ ஸலமா என்பவர் அறிவித்த செய்தி ஒன்றும் இருக்கிறது. தனக்கு வரும் கனவுகள் தன்னை நோயாளியாக்கிவிடும் அளவுக்கு இருந்ததாக அவர் சொல்கிறார். மேலே சொன்ன வழிமுறையை அபூ கதாதா (ரலி) அவர்களிடம் கேட்ட பிறகு அந்தக் கவலை விட்டுப்போனதாம். அபூ கதாதாவும் தனக்கு அதே பிரச்சினை இருந்ததாகத்தான் அவரிடம் சொன்னார். கெட்ட கனவு வருவது ஈமான் குறைவுக்கு அடையாளம் என்று யாராவது உங்களைப் பயமுறுத்தினால் இந்த இரண்டு பேரையும் நினைத்துக்கொள்ளுங்கள். அபூ கதாதா ஒரு சஹாபி.

விடிந்த பிறகு: சரக்கு எங்கிருந்து வந்தது?

பகல் வெளிச்சத்தில் முதலில் கேட்கவேண்டிய கேள்வி, கனவில் வந்த பொருட்கள் எங்கிருந்து வந்தன என்பது. முந்தின நாளையும் அதற்கு முந்தின நாளையும் மனதில் ஓட்டிப் பாருங்கள். யாரோடு சண்டை, எந்தக் கடன்காரர் போன் போட்டார், படுக்கும்முன் கைப்பேசியில் என்ன பார்த்தீர்கள், பசியோடு படுத்தீர்களா, வயிறு முட்டப் படுத்தீர்களா என்று. பெரும்பாலான கனவுகள் இந்த இடத்திலேயே முடிந்துவிடும். முடிந்துவிட்டால் அதை விட்டுவிடலாம், அதற்கு ஓதுவதோ விளக்கம் கேட்பதோ தேவையில்லை. மலாய்க்காரர்கள் 'மிம்பி மைனான் திடூர்' என்று சொல்வார்களே, கனவு தூக்கத்தின் விளையாட்டு என்று, அது இந்த மூன்றாவது வகைக்குச் சரியாகப் பொருந்தும்.

ஆனால் அந்தச் சொல்லை எல்லாக் கனவுக்கும் நீட்டினால் தப்பாகப் போகும். யூசுஃப் அத்தியாயத்தில் அதுதான் நடக்கிறது. ஏழு கொழுத்த பசுக்களை ஏழு மெலிந்த பசுக்கள் தின்பதையும், ஏழு பச்சைக் கதிர்களையும் வேறு காய்ந்த கதிர்களையும் எகிப்து மன்னர் கனவில் காண்கிறார். அரசவைப் பெரியவர்கள் அதை 'குழப்பமான கனவுகள்' என்று தள்ளிவிட்டு, இப்படிப்பட்ட கனவுகளுக்கு விளக்கம் சொல்ல எங்களுக்குத் தெரியாது என்கிறார்கள் (12:44). மூன்றாவது வகை என்று அவர்கள் முத்திரை குத்தியது உண்மையில் முதல் வகை. ஒரு தேசத்தின் சாப்பாடே அந்த முத்திரையில் தொங்கிக்கொண்டிருந்தது. ஆகவே இந்தப் படியில் அவசரமும் வேண்டாம், பிடிவாதமும் வேண்டாம். சரக்கு எங்கிருந்து வந்தது என்று தெளிவாகத் தெரிந்தால் விடுங்கள். தெரியாவிட்டால் அடுத்த படிக்குப் போங்கள்.

எச்சரிக்கை என்றால் எப்படி இருக்கும்

இதற்கு நான் வைத்துப் பார்க்கிற அளவுகோல் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரலி) அவர்களின் கனவு. புகாரியில் இருக்கிறது. அப்போது அவர் கல்யாணமாகாத இளைஞர், பள்ளிவாசலிலேயே படுத்துக்கொள்பவர். மற்றவர்கள் எல்லாம் கனவு கண்டு நபியவர்களிடம் போய்ச் சொல்கிறார்களே, நமக்கும் ஒன்று வராதா என்ற ஆசை அவருக்கு. வந்தது. இரண்டு மலக்குகள் அவரைப் பிடித்து நரகத்தின் பக்கம் கொண்டுபோகிறார்கள். அது கிணற்றைப் போலச் சுவர் கட்டப்பட்டு, கிணற்றுக்கு இருப்பதுபோல இரண்டு தூண்களோடு இருக்கிறது. உள்ளே அவருக்குத் தெரிந்த சில முகங்கள். "நரகத்தை விட்டு அல்லாஹ்விடம் பாதுகாப்புத் தேடுகிறேன்" என்று சொல்லிக்கொண்டே இருக்கிறார். இன்னொரு மலக்கு வந்து, உனக்குப் பயம் வேண்டாம் என்கிறார்.

அவர் இதை நேராக நபியவர்களிடம் போய்ச் சொல்லவில்லை. தன் அக்கா ஹஃப்ஸா (ரலி) அவர்களிடம் சொன்னார். அவர் நபியவர்களின் மனைவி. அக்கா சொல்லி, நபியவர்கள் கேட்டுவிட்டுச் சொன்னது ஒரே வரி: அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் தொழுபவராக இருந்தால்! அதன் பிறகு இப்னு உமர் இரவில் கொஞ்ச நேரம்தான் தூங்கினார் என்று அவர் மகன் ஸாலிம் சொல்கிறார்.

இந்தக் கனவை முன்பு சொன்ன தலை உருண்ட கனவோடு வைத்துப் பாருங்கள். இரண்டுமே பயங்கரம். நரகத்தின் வாசலைப் பார்ப்பது தலை உருளுவதைவிடப் பயங்கரம் என்றுகூடச் சொல்லலாம். ஆகவே பயம் அளவுகோல் ஆகாது. வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது. இப்னு உமரின் கனவுக்குள்ளேயே 'பயப்படாதே' என்ற சொல் வந்துவிடுகிறது. பயமுறுத்தி அப்படியே விட்டுவிட்டுப் போகவில்லை. அடுத்து, அது அவருடைய செயலைச் சுட்டுகிறது, அடுத்தவரின் குற்றத்தைச் சுட்டவில்லை. உள்ளே தெரிந்த முகங்களைப் பார்த்தும் அவர்கள் யார் என்று அவர் பெயர் சொல்லி ஊரில் பரப்பியதாக எந்தச் செய்தியிலும் இல்லை. கடைசியாக, செய்யக்கூடிய ஒரு காரியம் கையில் கிடைத்தது, அதுவும் மார்க்கத்தில் ஏற்கனவே இருக்கிற காரியம். புதிதாக ஒரு சடங்கும் வரவில்லை.

யூசுஃப் நபி மன்னரின் கனவுக்குச் சொன்ன விளக்கத்திலும் இதே அமைப்பைக் காணலாம். ஏழு வருடம் பஞ்சம் வரும் என்று மட்டும் சொல்லி அவர் நிறுத்தவில்லை. வழக்கம்போல் ஏழு வருடம் விதையுங்கள், அறுத்ததில் சாப்பிடுவதற்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டு மீதியைக் கதிரோடேயே வைத்துவிடுங்கள் என்கிறார் (12:47). தானியத்தை உதிர்க்காமல் கதிரோடு வைத்தால் சீக்கிரம் கெடாது என்பது விவசாயம் தெரிந்தவர்களுக்குப் புரியும். அப்புறம்தான் பஞ்சத்தைச் சொல்கிறார், அதற்கும் அப்புறம் மழை பெய்கிற ஒரு வருடத்தைச் சொல்கிறார். எச்சரிக்கை வந்தது, அதற்கான வேலையும் வந்தது, முடிவில் ஆறுதலும் வந்தது.

லோரி ஓட்டும் தம்பியின் கனவு

இப்போது நம் ஊர்க் கனவு ஒன்றை எடுத்துக்கொள்வோம். செம்பனைக் குலை ஏற்றும் லோரி ஓட்டுகிற ஒரு தம்பி. கல்யாணத்தோடு இஸ்லாத்துக்கு வந்தவர். ஒரு ராத்திரி, தோட்டத்து இறக்கத்தில் பிரேக் பிடிக்காமல் லோரி கால்வாய்க்குள் சரிவதாகவும், கரையில் அவர் அம்மா முகத்தைத் திருப்பிக்கொண்டு நிற்பதாகவும் கனவு. மறுநாள் வேலைக்குப் போகவில்லை, ஒரு நாள் சம்பளம் போயிற்று. காப்பிக் கடையில் சொல்லியிருக்கிறார். அங்கே ஒருவர் லோரியின் பிளேட் நம்பரைக் கேட்டு வாங்கிக்கொண்டு போய் நம்பர் எடுத்துவிட்டார். இன்னொருவர், மதம் மாறியதால் அம்மாவின் சாமி கோபப்படுகிறது என்று சொல்லிவிட்டார். சாயங்காலம் தம்பி சூராவுக்கு வரும்போது முகம் வெளுத்திருந்தது.

"மாமா, இது எச்சரிக்கைதானே? நான் லோரியை விட்டுடணுமா?"

"மொதல்ல உக்காருங்க தம்பி. லோரி எப்படி இருக்கு? பிரேக் எப்படி?"

"ஒரு வாரமா மிதிக்கும்போது கீச்சுன்னு சத்தம் வருது. முதலாளிகிட்ட சொன்னேன், மாச கடைசியில பாக்கலாம்னாரு."

"அம்மாகிட்ட பேசுனீங்களா?"

அதற்குப் பதில் வரவில்லை. நோன்புப் பெருநாளுக்கு முன்னாலிருந்தே பேச்சுவார்த்தை இல்லை என்று கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னார்.

படிப்படியாகப் பார்ப்போம். எழுந்த உடனே செய்யவேண்டியதை அவர் செய்யவில்லை, ஏனென்றால் யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை. அது இனிமேல். சொல்லக்கூடாத இடத்தில் சொல்லிவிட்டார், அதன் விளைவுதான் அந்த நம்பரும் சாமிக் கோபமும். சரக்கு எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் இரண்டு சாமானும் வீட்டிலேயே இருக்கின்றன. பிரேக் சத்தம் ஒரு வாரமாக அவர் காதில் இருக்கிறது. அம்மாவின் மனத்தாங்கல் அதைவிட நீண்ட நாளாக நெஞ்சில் இருக்கிறது. ஆகவே இது மூன்றாவது வகை, அதாவது தன்னோடு தான் பேசிக்கொண்டது. பெரிய செய்தி எதுவும் வானத்திலிருந்து வரவில்லை.

அப்படியென்றால் பிரேக்கைப் பார்க்கவேண்டாமா? பார்க்கத்தான் வேண்டும். கீச்சென்று சத்தம் போடும் பிரேக்கைப் பார்க்கச் சொல்வதற்குக் கனவு தேவையில்லை, மெக்கானிக்கே சொல்வார். முதலாளி மாசக் கடைசி என்றால், பிரேக் சரியாகும்வரை அந்த லோரியை இறக்கத்தில் ஓட்டமாட்டேன் என்று சொல்ல அவருக்கு உரிமை இருக்கிறது. அம்மாவிடம் போய்ப் பேசுவதும் அப்படித்தான். பெற்றோர் முஸ்லிமாக இல்லாவிட்டாலும், இணை வைக்கும்படி அவர்கள் வற்புறுத்தினால் அதில் மட்டும் கீழ்ப்படியாமல், உலக விஷயத்தில் அவர்களோடு நல்ல முறையில் நடந்துகொள் என்று லுக்மான் அத்தியாயத்தில் (31:15) நேரடியாகவே இருக்கிறது. ஆக, கனவை மூன்றாவது வகையில் போட்டதால் எந்தக் கடமையும் குறையவில்லை. மாறியது, அந்த வேலைகளை அவர் நடுங்கிக்கொண்டு செய்யவேண்டியதில்லை என்பதும், சம்பளத்தை இழந்து வீட்டில் உட்காரவேண்டியதில்லை என்பதும்தான்.

ஒருவேளை பிரேக் புதிதாக இருந்து, அம்மாவோடும் நல்ல பேச்சாக இருந்து, இந்தக் கனவு வந்திருந்தால்? அப்போதும் அதில் செய்யக்கூடிய காரியம் ஒன்றும் சொல்லப்படவில்லை, ஆறுதலும் இல்லை, வெறும் பயம் மட்டும் இருக்கிறது. அதனால் இரண்டாவது வகையில் போட்டு, இடது பக்கம் ஊதி, பாதுகாப்புத் தேடி, வேலைக்குப் போகச் சொல்லியிருப்பேன். அந்த ஹதீஸ்களில் இதற்கு வாக்குறுதியே இருக்கிறது: அப்படிச் செய்தால் அந்தக் கனவு அவருக்குத் தீங்கு செய்யாது.

நல்ல கனவு வந்தால் யாரிடம் சொல்வது

நல்ல கனவு வந்தால் அல்ஹம்துலில்லாஹ் சொல்லுங்கள், சந்தோஷப்படுங்கள், உங்களை நேசிக்கிறவரிடம் மட்டும் சொல்லுங்கள். ஹதீஸில் உள்ளது அவ்வளவுதான். யூசுஃப் (அலை) சிறுவயதில் பதினொரு நட்சத்திரங்களும் சூரியனும் சந்திரனும் தனக்குச் சிரம் பணிவதாகக் கண்டதைச் சொன்னபோது, யஃகூப் (அலை) அவர்கள் முதலில் சொன்னதே, இதை உன் சகோதரர்களிடம் சொல்லாதே, உனக்கு எதிராகச் சதி செய்வார்கள் என்பதுதான் (12:5). கனவு மெய்யாவது அத்தியாயத்தின் கடைசிப் பக்கத்தில் (12:100). இடையில் கிணறு, அடிமைச் சந்தை, சிறை எல்லாம் கடந்துபோகின்றன. நல்ல கனவு கண்டவர் அடுத்த வாரமே பலன் எதிர்பார்ப்பதற்கு இது பதில்.

விளக்கம் சொல்பவரையும் அளந்து பாருங்கள். ஒருவர், மேகம் போன்ற ஒன்றிலிருந்து நெய்யும் தேனும் சொட்டுவதாகவும் மக்கள் அதைக் கையில் ஏந்துவதாகவும் கனவு கண்டு சொன்னபோது, அபூபக்ர் (ரலி) அவர்கள் நபியவர்களிடம் அனுமதி கேட்டு விளக்கம் சொன்னார்கள். சில இடத்தில் சரி, சில இடத்தில் தவறு என்றார்கள் நபியவர்கள். எது தவறு என்று சொல்லுங்கள் என்று அபூபக்ர் சத்தியமிட்டுக் கேட்டும் சொல்லவில்லை. அபூபக்ருக்கே அந்த நிலை என்றால், வாட்ஸ்அப்பில் ஐந்து நிமிடத்தில் உறுதியாக விளக்கம் அனுப்புகிறவரை எவ்வளவு நம்பலாம் என்று நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

கடையில் விற்கும் கனவு விளக்கப் புத்தகங்களில் பெரும்பாலானவை இப்னு சீரீன் பெயரைத் தாங்கி வரும். அவர் பஸராவில் வாழ்ந்து ஹிஜ்ரி 110இல் காலமான பெரிய அறிஞர், கனவு விளக்கத்தில் பெயர் பெற்றவர். ஆனால் அந்தப் புத்தகங்களை அவரே எழுதினார் என்பதை அறிஞர்கள் பலர் ஏற்பதில்லை. அவரைப் பற்றிச் சொல்லப்படும் ஒரு கதையே அந்த அகராதிகளைக் கவிழ்த்துவிடும். இரண்டு பேர் அவரிடம் வந்து, பாங்கு சொல்வதாகக் கனவு கண்டோம் என்றார்களாம். ஒருவருக்கு ஹஜ் செய்வாய் என்றார், இன்னொருவருக்குத் திருட்டில் பிடிபடுவாய் என்றார். முதல் ஆளிடம் நல்ல தன்மையைப் பார்த்து, ஹஜ்ஜுக்காக மக்களை அழைக்கச் சொல்லும் வசனத்தை (22:27) எடுத்தார். இரண்டாவது ஆளைப் பார்த்ததும் யூசுஃப் அத்தியாயத்தில் அறிவிப்பாளர் ஒருவர், ஒட்டகக் கூட்டத்தாரே நீங்கள் திருடர்கள் என்று கத்தும் வசனத்தை (12:70) எடுத்தார். கனவு ஒன்றுதான், ஆள்தான் வேறு. 'பாங்கு என்றால் இது' என்று அகர வரிசையில் எழுதி வைத்த புத்தகம் உங்களைப் பார்த்ததில்லை.

கனவால் செய்ய முடியாத காரியங்கள்

எவ்வளவு நல்ல கனவாக இருந்தாலும் சட்டத்தைக் கூட்டவோ குறைக்கவோ முடியாது. இங்கே இரண்டு கேள்விகள் வழக்கமாக வரும். ஒன்று, இப்ராஹீம் நபி கனவைப் பார்த்துத்தானே மகனை அறுக்கப் போனார்கள் என்பது. நபிமார்களின் கனவு வஹீ. நமக்கு வருவது வஹீ இல்லை. கனவில் யாரோ சொன்னார்கள் என்று ஒருவர் இன்னொருவருக்குத் தீங்கு செய்யக் கிளம்பினால் அது மார்க்கம் ஆகாது, உடனே தடுத்து நிறுத்தவேண்டிய விஷயம்.

இன்னொன்று, பாங்கே கனவில் வந்ததுதானே என்பது. உண்மைதான். தொழுகைக்கு மக்களை எப்படி அழைப்பது என்று யோசித்துக்கொண்டிருந்த காலத்தில் அப்துல்லாஹ் இப்னு ஸைத் (ரலி) கனவில் ஒருவர் மணியைக் கையில் வைத்துக்கொண்டு வருகிறார். அதை விலைக்குக் கொடுக்கிறாயா, தொழுகைக்கு அழைக்கவேண்டும் என்று இவர் கேட்க, அதைவிட நல்லதைச் சொல்லித்தருகிறேன் என்று அவர் பாங்கின் வாசகங்களைச் சொல்லிக்கொடுக்கிறார். விடிந்ததும் இவர் நேராக நபியவர்களிடம் போனார். இது உண்மையான கனவு, பிலாலிடம் சொல்லிக்கொடு, அவர் குரல் உன் குரலைவிட ஓங்கியது என்றார்கள். பிலாலின் குரலை வீட்டிலிருந்து கேட்ட உமர் (ரலி), தானும் இதையே கண்டதாகச் சொல்லிக்கொண்டு, மேல்துண்டு தரையில் இழுபட ஓடிவந்தார்கள். இங்கே கனவை மார்க்கமாக்கியது நபியவர்களின் ஒப்புதல். அந்த ஒப்புதல் கொடுக்க இன்று யாரும் இல்லை. ஆகவே கனவில் கிடைத்த புது திக்ர், புது நோன்பு, புது நேர்ச்சை எதையும் எடுத்துக்கொள்ள வேண்டாம்.

அதேபோல் கனவு சாட்சியும் ஆகாது. கனவில் கொழுந்தனார் சங்கிலியை எடுப்பதைக் கண்டேன் என்று அவர் வீட்டு அலமாரியைத் திறக்க முடியாது. நம்பர் எடுப்பதைப் பற்றி அதிகம் எழுதவேண்டியதில்லை. சூதாட்டம் ஹராம், கனவு அதற்குச் சீட்டு எழுதித் தராது. கனவு காணாமலே கண்டதாகச் சொல்கிறவருக்கும் ஒரு ஹதீஸ் உண்டு: மறுமையில் இரண்டு வாற்கோதுமை மணிகளை முடிச்சுப் போடச் சொல்வார்கள், அவரால் முடியவே முடியாது. பெண் கேட்டுப் போகிற இடத்தில், உங்கள் மகளை மூன்று தடவை கனவில் கண்டேன் என்று அளக்கிற மாப்பிள்ளைமார் இதைக் கவனிக்கவேண்டும்.

பெண் கேட்பது என்றதும் இஸ்திகாரா நினைவுக்கு வருகிறது. கல்யாணமோ வேலையோ முடிவெடுக்கும்முன் இஸ்திகாரா தொழுதுவிட்டு, கனவு வரவில்லையே என்று ராத்திரி ராத்திரியாகக் காத்திருக்கிறவர்களை நிறையப் பார்க்கிறேன். ஜாபிர் (ரலி) அறிவிக்கும் அந்த ஹதீஸில் கனவைப் பற்றி ஒரு வார்த்தையும் இல்லை. கடமையல்லாத இரண்டு ரக்அத் தொழுது, அந்த துஆவை ஓதவேண்டும். அது நல்லதென்றால் எனக்கு எளிதாக்கு, கெட்டதென்றால் அதை என்னைவிட்டுத் திருப்பு, என்னையும் அதிலிருந்து திருப்பு என்பதுதான் துஆவின் பொருள். பிறகு விசாரிக்கவேண்டியதை விசாரித்து, தெரிந்தவர்களிடம் கேட்டு, காரியத்தில் இறங்குங்கள். வழி திறந்தால் போங்கள், அடைபட்டால் விடுங்கள். பச்சை வெள்ளைக் கனவுக்காகப் பெண் வீட்டாரை மாதக்கணக்கில் காக்க வைக்காதீர்கள்.

கடைசியாக, ஓதியும் ஊதியும் தொழுதும் ஒரே கெட்ட கனவு விடாமல் வருகிறதென்றால், தூக்கத்தில் கத்துகிறீர்கள், கை கால் வீசுகிறீர்கள், பகலில் ஸ்டேரிங்கில் கண் அசத்துகிறது என்றால், கிளினிக் கெசிஹாத்தானுக்குப் போய் டாக்டரிடம் சொல்லுங்கள். இரவு ஷிப்ட் மாறி மாறிச் செய்பவர்களுக்கும், சில மருந்து சாப்பிடுபவர்களுக்கும், விபத்தையோ சாவையோ நேரில் பார்த்தவர்களுக்கும் இப்படி வருவதுண்டு. கெட்ட கனவை யாரிடமும் சொல்லக்கூடாது என்று படித்தோமே, டாக்டரிடம் சொல்லலாமா என்று ஒருவர் கேட்டார். கனவுக்கு அர்த்தம் கேட்டு அவரிடம் போகவில்லை, தூக்கம் கெட்டதைச் சொல்லத்தான் போகிறீர்கள். தாராளமாகச் சொல்லலாம். எத்தனை நாளாக, எந்த நேரத்தில், என்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்பதை ஒரு தாளில் எழுதி எடுத்துப்போங்கள்.